இரண்டு விடை வந்தால் எதை எடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

முறுக்கு பாக்கெட் கணக்கு ஒன்று. தேவைச் சார்பு P = 45 − 3Q, மொத்தச் செலவு C = Q³ − 12Q² + 60Q + 10. P ஒரு பாக்கெட்டின் விலை ரூபாயில், Q ஆயிரம் பாக்கெட், C ஆயிரம் ரூபாய். இறுதிநிலை வருவாயும் இறுதிநிலைச் செலவும் சமமாகும் இடம் கேட்டால் 1, 5 என்று இரண்டு விடை வருகிறது. இரண்டையும் எழுதலாமா? – பி.காம். மாணவி, திருச்சி

எழுதக் கூடாது. இந்த ஒரு கேள்விக்காகவே நான் பல வருடமாக எரிச்சலில் இருக்கிறேன். ஒருமுறை விடைத்தாள் திருத்தப் போன இடத்தில், விடைக்குறிப்பிலேயே 'Q = 1 அல்லது 5' என்று அச்சாகியிருந்தது. கேட்டால், "சமன்பாட்டுக்கு இரண்டும் பொருந்துகிறதே சார்" என்றார்கள். சமன்பாட்டுக்குப் பொருந்தும். கடைக்காரருக்குப் பொருந்துமா?

கணக்கைப் பார்ப்போம். மொத்த வருவாய் 45Q − 3Q². அதை வகையிட்டால் இறுதிநிலை வருவாய் MR, செலவை வகையிட்டால் இறுதிநிலைச் செலவு MC:

MR = 45 − 6Q
MC = 3Q² − 24Q + 60

சமப்படுத்தினால் 3Q² − 18Q + 15 = 0. மூன்றால் வகுத்தால் (Q − 1)(Q − 5) = 0. செலவுச் சார்பு முப்படி என்பதால் அதன் வகைக்கெழு இருபடி ஆகிறது, அதனால்தான் இரண்டு மூலங்கள். இதுவரை நீங்கள் சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள்.

இப்போது லாபத்தைப் போட்டுப் பாருங்கள். Q = 1 என்றால் விலை 42, வருவாய் 42, செலவு 59. நட்டம் 17. அடுப்பே பற்றவைக்காமல் சும்மா இருந்தால் நட்டம் 10 மட்டும்தான், அந்த நிலைச் செலவு. ஆக, நீங்கள் 'விடை' என்று எழுதிய இடம் கடையைச் சாத்துவதைவிட மோசமான இடம். Q = 5 என்றால் விலை 30, வருவாய் 150, செலவு 135. லாபம் 15, அதாவது பதினைந்தாயிரம் ரூபாய். பக்கத்தில் 4 போட்டால் 10 வரும், 6 போட்டால் 8 வரும்.

ஏன் இப்படி? முதல் ஆயிரம் பாக்கெட் வரை ஒவ்வொரு பாக்கெட்டும் தரும் கூடுதல் வருவாயைவிட அதன் கூடுதல் செலவு அதிகம். குழி ஆழமாகிக்கொண்டே போகிறது. 1-இல் இரண்டும் சமம், குழியின் அடிமட்டம். அங்கிருந்து 5 வரை ஒவ்வொரு பாக்கெட்டும் ஏதாவது மிச்சம் கொடுக்கிறது. 5-ஐத் தாண்டினால் மறுபடி கையைக் கடிக்கும். குழியின் அடியிலும் தரை சமமாகத்தான் இருக்கும், மேட்டின் உச்சியிலும் சமமாகத்தான் இருக்கும். அதனால்தான் இரண்டாம் வகைக்கெழு. லாபத்தின் இரண்டாம் வகைக்கெழு 18 − 6Q. Q = 1-இல் +12, சிறுமம். Q = 5-இல் −12, பெருமம். இரண்டு வரி வேலை. அதை எழுதாமல் மதிப்பெண் போய்விட்டது என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

அதே மாதிரிக் கணக்கில் விலை 15 என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். MR = MC = 15 தானே?

15 என்பது இறுதிநிலை வருவாய், விலை அல்ல. கிடைத்த Q-ஐத் தேவைச் சார்பில் போடுங்கள்: 45 − 15 = 30. அப்புறம், லாபத்தைப் போட்டுப் பாருங்கள். 15 ரூபாய்க்கு விற்றிருந்தால் வருவாய் 75, செலவு 135. அப்போதே தெரிந்திருக்கும்.

வாடகை ஏறிவிட்டது, நிலைச் செலவு 10-லிருந்து 30. உற்பத்தியை எவ்வளவு மாற்ற வேண்டும்? – சிறுதொழில் செய்பவர், ஈரோடு

மாற்றவே வேண்டாம். நிலைச் செலவு வகையிடும்போது காணாமல் போய்விடும், Q = 5 என்பதும் மாறாது, 30 ரூபாய் விலையும் மாறாது. ஆனால் 15 லாபம் இப்போது 5 நட்டம். அதற்காக உடனே மூடிவிடாதீர்கள். மூடினாலும் அந்த 30-ஐக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஓட்டினால் 5 போகும், மூடினால் 30 போகும். வாடகை ஒப்பந்தம் முடியும்போது மறுபடி யோசியுங்கள்.

நிறைவுப் போட்டியில் விலை 15 என்று கொடுத்திருக்கிறார்கள். செலவுச் சார்பு அதேதான். 3, 5 என்று வந்தது, நீங்கள் சொன்னபடி 5-ஐ எடுத்தேன். சரிதானே?

இல்லை. நான் எப்போது 'பெரிய மூலத்தை எடு' என்று சொன்னேன்? லாபத்தைப் போட்டுப் பார் என்றுதான் சொல்கிறேன். Q = 5-இல் வருவாய் 75, செலவு 135. நட்டம் 60. மூடினால் நட்டம் 10. சராசரி மாறும் செலவு Q² − 12Q + 60. அதன் சிறுமம் Q = 6-இல், மதிப்பு 24. விலை 24-க்குக் கீழே போனால் எந்த அளவில் ஓட்டினாலும் மாறும் செலவுகூட திரும்பி வராது. விடை: உற்பத்தி பூஜ்ஜியம். இரண்டாம் வகைக்கெழு பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும்தான் ஒப்பிட்டுச் சொல்லும். பூஜ்ஜியத்தோடு ஒப்பிடும் வேலை உங்களுடையது.

லாபம் பெருமமாகும் இடத்தில் இறுதிநிலைச் செலவு ஏறிக்கொண்டிருக்க வேண்டும் என்று படித்தேன். அது எப்போதும் உண்மையா?

நல்ல கேள்வி. நிறைவுப் போட்டியில் உண்மை, அங்கே இறுதிநிலை வருவாய் படுக்கைக் கோடு. முற்றுரிமையில் அந்தக் கோடே இறங்குவதால், செலவுக் கோடு அதைவிட மெதுவாக இறங்கினாலும் போதும். நமது முறுக்குக் கணக்கில் செலவுக் கோடு 4 வரை இறங்குகிறது, ஆனால் இரண்டாம் வகைக்கெழு நிபந்தனை 3-ஐத் தாண்டியதுமே நிறைவேறிவிடுகிறது.

C = Q³ − 12Q² + 40Q + 10 என்று வைத்துச் செய்தேன். Q = 4-இல் இறுதிநிலைச் செலவு −8 வருகிறது. எங்கே தப்பு?

கணக்கில் இல்லை, கேள்வியில். இன்னும் ஒரு பாக்கெட் செய்தால் மொத்தச் செலவு குறையும் என்று எந்தப் பட்டறையிலும் நடக்காது. முப்படிச் சார்பை மனம்போன போக்கில் எழுதக் கூடாது. aQ³ + bQ² + cQ + d என்றால் a, c நேர் எண்கள், b குறை எண், b² என்பது 3ac-ஐவிடச் சிறியது. இங்கே 144, 120. தேறவில்லை. 40-க்குப் பதில் 60 இருந்தால் 144, 180. தேறும். சொந்தமாகக் கணக்கு அமைக்கும் ஆசிரியர்களும் இதைப் பார்த்துக்கொண்டால் நல்லது.

விடை 4.7 வந்தால் 5 என்று எழுதலாமா?

அலகு என்ன என்று சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். Q ஆயிரத்தில் என்றால் 4.7 என்பது 4,700 பாக்கெட், அப்படியே விடுங்கள். ஒவ்வொன்றாக எண்ணும் கப்பல் என்றால் 4-க்கும் 5-க்கும் லாபத்தைப் போட்டுப் பார்த்து அதிகமானதை எடுங்கள்.

சமமாகும் இடத்தில் கடைசி பாக்கெட்டால் லாபமே இல்லையே, அதை ஏன் செய்ய வேண்டும்?

செய்யாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. அதற்கு முந்தைய பாக்கெட் வரை மிச்சம் இருந்தது, அதை விடாதீர்கள் என்பதுதான் பொருள்.