துறை மாறும் என்ஜினியர் தன் லிங்க்ட்இன் சுருக்கத்தை எப்படி எழுதுவது? வாசகர் கேள்விகள்

ஸ்ரீபெரும்புதூர் வாசகர்: வாகன உதிரிபாகக் கம்பெனியில் 14 வருடமாகக் குவாலிட்டி என்ஜினியராக இருக்கிறேன். பிளாஸ்டிக் எரிபொருள் கனெக்டர்கள் செய்கிறோம். மருத்துவக் கருவித் துறைக்குப் போக ஆசை. ஐஎஸ்ஓ 13485 உள்தணிக்கையாளர் பயிற்சியும் முடித்துவிட்டேன். லிங்க்ட்இன்னில் எழுதிய சுருக்கத்தை அனுப்பியிருக்கிறேன். ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை?

நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். "கடின உழைப்பும் குழு மனப்பான்மையும் கொண்ட, முடிவுகளை நோக்கி உழைக்கும் தர நிபுணர்" என்று தொடங்குகிறது. மருத்துவக் கருவி என்ற சொல் கடைசி வரியில்தான் வருகிறது, அதுவும் "மாற விரும்புகிறேன்" என்று. சுருக்கம் எழுதும் About பகுதியில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் திரையில் முதல் சில வரிகள்தான் தெரியும்; மீதியைப் பார்க்க ஒரு சொடுக்கு வேண்டும். அந்தச் சில வரிகளை உரிச்சொற்களே தின்றுவிட்டன.

இரண்டாவது சிக்கல் தேடலில் இருக்கிறது. மருத்துவக் கருவிக் கம்பெனியில் ஆள் தேடுபவர் ஐஎஸ்ஓ 13485, கேப்பா, பிராசஸ் வேலிடேஷன், ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று தட்டிப் பார்ப்பார். உங்கள் பக்கத்தில் இருப்பதோ வாகனத் துறையின் சொற்களான ஐஏடிஎஃப் 16949, ஏபிக்யூபி, பிபிஏபி, 8டி. பயிற்சி முடித்த சான்றிதழைக்கூட எங்கோ அடியில் வைத்திருக்கிறீர்கள்.

சரி, சொற்களை மாற்றிப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. எது எதற்கு ஈடு, எது ஈடில்லை என்று தெரிந்து எழுத வேண்டும். புள்ளிவிவரத்தால் உற்பத்தியைக் கண்காணிக்கும் எஸ்பிசி, அளவீட்டு முறை ஆய்வு, சப்ளையர் ஆடிட் மூன்றும் அப்படியே போய்ச் சேரும். வாகனத் துறையில் குறைகளைத் தீர்க்கும் 8டிக்கும், திருத்தமும் தடுப்பும் செய்யும் கேப்பாவுக்கும் நெருங்கிய உறவு: மூல காரணம், திருத்தம், திருத்தம் பலித்ததா என்ற சோதனை எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் கேப்பா பதிவு ஒழுங்குமுறை ஆய்வாளர் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆவணம். வாடிக்கையாளர் திருப்தியடைந்துவிட்டார் என்று மூடிவிட முடியாது.

பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும் பிபிஏபி செய்திருக்கிறேன், அதனால் வேலிடேஷன் தெரியும் என்று எழுதாதீர்கள். வேலிடேஷனில் மெஷின் சரியாக நிறுவப்பட்டதா, செட்டிங்குகளை வரையறுத்த எல்லைகள் வரை நகர்த்தினாலும் பாகம் சரியாக வருகிறதா, வழக்கமான உற்பத்தியில் திரும்பத் திரும்ப அதே தரம் வருகிறதா என மூன்று படிகள் உண்டு. ஐக்யூ, ஓக்யூ, பிக்யூ என்பார்கள். நடுப்படிக்கு இணையான வேலையை நீங்கள் மோல்டிங்கில் செய்திருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள், அதோடு நில்லுங்கள்.

எஃப்எம்இஏ விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அது "எது பழுதாகும்?" என்று ஆரம்பிக்கும். மருத்துவக் கருவிக்கான ஐஎஸ்ஓ 14971 "நோயாளிக்கு என்ன தீங்கு வரும்?" என்று ஆரம்பிக்கும். பழுதே இல்லாமல் வேலை செய்யும் கருவியும் தீங்கு செய்யலாம். இரண்டும் ஒன்று என்று எழுதியவரிடம் நேர்காணலில் முதலில் தோண்டுவது இதைத்தான்.

அப்புறம், "மருத்துவக் கருவி" என்பது பெரிய கடல். எம்ஆர்ஐ மெஷினும் அதில் அடங்கும், சலைன் ஏற்றும் குழாயும் அடங்கும். உங்களுக்குப் பக்கத்துக் கரை இரண்டாவதுதான்: மோல்டிங்கில் பிறக்கும், கசியக் கூடாத, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள். உங்கள் கனெக்டரும் கசியக் கூடாதுதானே! முதல் வரிகளை அங்கிருந்து எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள் என்றாலும் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"பிளாஸ்டிக் மோல்டிங்கிலும் கசிவுச் சோதனையிலும் தரத்தைப் பார்க்கும் என்ஜினியர். 14 வருடம் வாகன எரிபொருள் கனெக்டர்கள். அடுத்து, ஒருமுறை பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளின் உற்பத்தித் தரப் பணி. ஐஎஸ்ஓ 13485 உள்தணிக்கையாளர் பயிற்சி முடித்தவன்.

ஒரு கனெக்டரில் கசிவுப் புகார் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் சோதனைக் கருவியின் அளவீடு நம்பத்தக்கதா என்று பார்த்தேன். பிறகு மோல்டிங் வெப்பநிலையையும் ஹோல்டிங் பிரஷரையும் மாற்றி மாற்றி ஓட்டி, பாகம் கசியாத எல்லையை வரையறுத்தேன். புகார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது."

கீழே சப்ளையர் ஆடிட், எஸ்பிசி பற்றி இரண்டு வரி போதும். ஐஏடிஎஃப் சொற்களை அழிக்க வேண்டாம்; கடைசிப் பத்திக்கு இறக்கிவிடுங்கள். கிளீன்ரூம் அனுபவம் இல்லை என்று நீங்களாக எழுத வேண்டியதில்லை. கேட்டால் மறைக்காதீர்கள்.

அம்பத்தூர் வாசகி: 11 வருடம் மெஷின் டிசைன். பைத்தான் கோர்ஸ் முடித்திருக்கிறேன். பெயருக்குக் கீழே "Aspiring Data Scientist" என்று போடலாமா?

வேண்டாம். உங்கள் 11 வருடத்தையும் அழித்துவிட்டு, கல்லூரி முடித்த பிள்ளைகளின் வரிசையில் போய் நிற்பீர்கள். அந்த வரிக்கு 220 எழுத்துகள் இடம் உண்டு. மெஷின் டிசைன் என்ஜினியர் என்பதை முன்னால் வைத்து, பக்கத்தில் அதிர்வு, சென்சார் டேட்டா பகுப்பாய்வு, பைத்தான் என்று சேருங்கள். பேரிங் எப்படித் தேயும் என்று தெரிந்த ஒருவர் சென்சார் டேட்டாவைப் பார்ப்பதற்குத்தான் மதிப்பு. ஆனால் About பகுதியில் அதற்கு ஒரு வேலையாவது சாட்சியாக இருக்க வேண்டும். கோர்ஸில் எல்லோரும் செய்யும் பயிற்சி புராஜெக்ட் சாட்சியாகாது. உங்கள் மெஷினிலிருந்து வந்த டேட்டா கம்பெனியுடையது என்பதால், அதை வெளியிடாமல் நீங்கள் எடுத்த முடிவை மட்டும் சொல்லுங்கள்.

கிண்டி வாசகர்: எழுதும்போது வாடிக்கையாளர் பெயரையும் ரிஜெக்ஷன் எண்களையும் போடலாமா?

பெயர் வேண்டாம். "ஒரு பயணிகள் கார் தயாரிப்பாளர்" என்றால் போதும். நேரடி எண்ணுக்குப் பதில் விகிதம் போடுங்கள்: பாதியானது, மூன்றில் ஒரு பங்கானது. விகிதத்தைக்கூட, அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று விளக்க முடிந்தால் மட்டும் போடுங்கள். "உற்பத்தித்திறன் 40% உயர்ந்தது" என்று எழுதிவிட்டு, எதை எதனால் வகுத்தீர்கள் என்ற கேள்விக்கு முழிப்பவர்கள் அதிகம்.

மறைமலை நகர் வாசகர்: சுருக்கத்தை மாற்றினால் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமா?

Open to work அமைப்பில் Recruiters only என்பதைத் தேர்ந்தெடுத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வராது. உங்கள் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமலிருக்க லிங்க்ட்இன் முயலும். முழு உத்தரவாதம் தருவதில்லை. வேலை விவரங்களைத் திருத்தும்போது Notify network சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். About பகுதி எல்லோருக்கும் தெரிவது. ஆகவே "வேலை தேடுகிறேன்" என்று அங்கே எழுதாமல், மருத்துவக் கருவிகளின் தரத்தில் ஈடுபாடு என்ற அளவில் வையுங்கள். மேலே ஸ்ரீபெரும்புதூர்காரருக்குத் தந்த "அடுத்து" என்ற வரியும் கம்பெனிக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்பவருக்குத்தான்.

பெரம்பூர் வாசகி: நௌக்ரியிலும் இதையே ஒட்டிவிடலாமா?

கதைப் பத்தியை வெட்டிவிட்டு ஒட்டுங்கள். அங்கே ஆள் தேடுபவர் வருட அனுபவம், ஊர், சம்பளம், நோட்டீஸ் காலம் என்று வடிகட்டிக்கொண்டு வருகிறார். திறன்களின் பெயர்கள் அங்கே முக்கியம். இப்போதுள்ள கம்பெனியை பிளாக் செய்யும் வசதியும் அங்கே உண்டு. பதிவேற்றும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.