கப்பியில் இரு கட்டைகள்: உராய்வை எந்தப் பக்கம் போடுவது?

கேள்வி: சாய்தளத்தில் ஒரு கட்டை, கப்பி வழியாகக் கயிற்றில் தொங்கும் இன்னொரு கட்டை. எப்போது நகர ஆரம்பிக்கும்னு எப்படிக் கண்டுபிடிப்பது? உராய்வு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதிலேயே மாட்டிக்கொள்கிறேன்.

நீங்கள் பிளஸ் ஒன் மாணவர் என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கைப் பார்த்ததும் f = μN என்று எழுதிவிடுகிறீர்கள், அப்படித்தானே? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. μN என்பது ஓய்வுநிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு. கட்டை நிற்கும்வரை, அதை நிறுத்தி வைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உராய்வு வரும். எந்தத் திசையில் தேவையோ அந்தத் திசையில் வரும்.

அதனால் முதலில் உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டு, கட்டை எந்தப் பக்கம் போகும் என்று பாருங்கள். சாய்தளம் 30°, அதன் மேலுள்ள கட்டை 5 கிலோ, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, தொங்கும் கட்டை 2 கிலோ. g = 9.8 என்று கொள்வோம். சாய்தளக் கட்டையைக் கீழே இழுப்பது 5 × 9.8 × sin 30° = 24.5 நியூட்டன். கயிறு மேலே இழுப்பது 2 × 9.8 = 19.6 நியூட்டன். கீழ்ப்பக்கம் 4.9 அதிகம். ஆகவே கட்டை கீழே சறுக்கப் பார்க்கும், உராய்வு மேல்நோக்கி இருக்கும்.

இப்போதுதான் μN தேவைப்படுகிறது. N = 5 × 9.8 × cos 30° = 42.4, எனவே உச்ச வரம்பு சுமார் 17 நியூட்டன். தேவை 4.9 மட்டுமே. கட்டை நகராது, உராய்வு 4.9 நியூட்டன். இந்த இடத்தில் 17 என்று போட்டால், நிற்கும் கட்டை தானாக மேலே ஏறுவதாக விடை வரும். அப்படி ஒரு விடை வந்தால் தவறு இங்கேதான் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

"எப்போது நகரும்" என்பதற்கு ஒரே எண் விடையாக வராது, இரண்டு எல்லைகள் வரும். தொங்கும் நிறை m₂ இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும்வரை எதுவும் அசையாது:

m₁(sin θ − μ cos θ) ≤ m₂ ≤ m₁(sin θ + μ cos θ)

நம் எண்களைப் போட்டால் 0.77 கிலோ முதல் 4.23 கிலோ வரை. அதற்குக் குறைந்தால் கட்டை கீழே சறுக்கும், கூடினால் மேலே ஏறும். கீழ் எல்லை எதிர்மறையாக வந்தால் பயப்பட வேண்டாம். μ > tan θ என்று அர்த்தம். தொங்கும் கட்டையைக் கழற்றிவிட்டாலும் மேலிருப்பது அங்கேயே நிற்கும்.

நகர ஆரம்பித்ததும் கணக்கு மாறுகிறது. தொங்குவது 4.3 கிலோ, இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்றால், மீதமுள்ள விசை 42.1 − 24.5 − 12.7 = 4.9 நியூட்டன். நகர்வது இரண்டு கட்டைகளும் சேர்ந்து என்பதால் 9.3 கிலோவால் வகுக்க வேண்டும். முடுக்கம் சுமார் 0.53 மீ/வி². பலர் 5 கிலோவால் வகுத்துவிடுகிறார்கள். கயிற்றின் இழுவிசையும் இனி m₂g அல்ல. m₂(g − a), சுமார் 39.9 நியூட்டன்.

கப்பிக்கு நிறை இல்லை, கயிறு நீளாது என்று வைத்துத்தான் இதெல்லாம். "நிஜக் கப்பி அப்படியா இருக்கும்?" என்று கேட்க யாராவது வருவார்கள், தெரியும். கேட்டது தேர்வுக் கணக்கு.

என் எரிச்சல் வேறு: சில கேள்வித்தாள்களில் "உராய்வுக் குணகம் 0.4" என்று மட்டும் போட்டு, ஓய்வுநிலையா இயக்கமா என்று சொல்வதே இல்லை. பிறகு விடைக்குறிப்பில் ஒன்றை மட்டும் ஏற்று மற்றதற்கு மதிப்பெண் கழிக்கிறார்கள். அப்படி வந்தால் "இரண்டும் சமம் எனக் கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடருங்கள்.

ஆய்வகத்தில் செய்தால் இரண்டு எல்லைகளையும் அளந்துவிடுங்கள். எடைத்தட்டில் சிறு எடைகளாக மெதுவாக வையுங்கள். பொத்தென்று போட்டால் எல்லைக்கு முன்பே கட்டை கிளம்பிவிடும். இரண்டு அளவுகளின் சராசரி m₁ sin θ-க்குச் சமமாக, அதாவது இங்கே 2.5 கிலோவாக வர வேண்டும். வராவிட்டால் கோணத்தைத் திரும்ப அளந்து, கப்பிக்கும் கட்டைக்கும் இடையே கயிறு தளத்துக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். வித்தியாசத்தில் பாதியை m₁ cos θ-ஆல் வகுத்தால் μ கிடைக்கும். கப்பி இறுக்கமாக இருந்தால் இரண்டு எல்லைகளும் விலகிப்போய் μ அதிகமாகக் காட்டும், ஆனால் சராசரி பெரிதாக மாறாது. எனவே சராசரி சரியாக வந்து μ மட்டும் சந்தேகப்படும்படி இருந்தால், அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள்.