லாகின் பூட்டு வீடியோவையும் பூட்டுமா?

கேள்வி: நான் கணக்கு டியூஷன் நடத்துகிறேன், சுமார் 60 மாணவர்கள். பாடங்களை வீடியோவாக எடுத்து, வேர்ட்பிரஸ் தளத்தில் லாகின் வைத்து, பணம் கட்டியவர்கள் மட்டும் பார்க்கும்படி செய்ய வேண்டும். வீடியோவை யூடியூபில் அன்லிஸ்டடாகப் போட்டால் போதுமா, இல்லை ஹோஸ்டிங்கிலேயே ஏற்றிவிடலாமா?

பதில்: இரண்டுமே போதாது. லாகின் பூட்டுவது பக்கத்தை மட்டும்தான். அந்தப் பக்கத்தில் ஓடும் வீடியோவுக்குத் தனி முகவரி ஒன்று இருக்கிறது. அந்த முகவரியைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று எவரும் கேட்காவிட்டால், பக்கத்துக்கு எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை.

அன்லிஸ்டட் என்றால் தேடலில் வராது என்று மட்டுமே பொருள். ஒரு மாணவர் பிளேயரின் மேல் ரைட் கிளிக் செய்து இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அதைத் தொடும் எல்லோருக்கும் பாடம் ஓடும். அந்த ஒருவரை மட்டும் விலக்க உங்களுக்கு வழியில்லை. வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

சொந்த ஹோஸ்டிங்கில் ஏற்றுவதில் ஆபத்து இன்னும் மறைவானது. வேர்ட்பிரஸ் மீடியாவில் ஏற்றும் கோப்புகள் `wp-content/uploads` என்ற அடைவுக்குப் போகின்றன. அங்கிருந்து ஒரு கோப்பைக் கேட்டால், வெப் சர்வர் வேர்ட்பிரஸை எழுப்பாமலேயே நேராக எடுத்துக் கொடுத்துவிடும். லாகினைச் சரிபார்க்கும் வேலை வேர்ட்பிரஸுடையது என்பதால், அந்தச் சரிபார்ப்பு நடப்பதே இல்லை. ஓர் ஆசிரியரின் தளத்தைப் பார்த்துக் கொடுத்தபோது, பாடப் பக்கங்கள் எல்லாம் முறையாக லாகினுக்குத் திருப்பிவிட்டன. ஆனால் உள்ளே நுழைந்து, பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் தெரிந்த `paadam-01.mp4` என்ற முகவரியை எடுத்து, லாகின் செய்யாத இன்காக்னிடோ சாளரத்தில் ஒட்டியதும் பாடம் ஓடத் தொடங்கியது. 01 என்பதை 02 ஆக்கியபோது அடுத்த பாடமும் வந்தது. நீங்களும் தளத்தைத் திறந்துவிடும் முன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.

சுமையையும் கணக்கிட வேண்டும். நொடிக்கு 1.5 மெகாபிட் வீதத்தில் எடுத்த 45 நிமிடப் பாடம் ஏறத்தாழ 500 எம்பி வரும். 60 பேரும் ஒருமுறை பார்த்தாலே ஒரு பாடத்துக்கு 30 ஜிபி ஆகிவிடும். தேர்வுக்கு முந்தைய இரவு 40 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் நொடிக்கு 60 மெகாபிட் இடைவிடாமல் போக வேண்டும். சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் அதில் திணறும். வீடியோ மட்டுமல்ல, லாகின் பக்கமும் சேர்ந்து திறக்காமல் போகும்.

ஆகவே மாணவர் கணக்குகளையும் பாட வரிசையையும் உங்கள் தளத்தில் வைத்துக்கொண்டு, வீடியோக்களை மட்டும் அதற்கென்றே உள்ள சேவையில் வையுங்கள். கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம், பன்னி ஸ்ட்ரீம் போன்றவை வீடியோவைச் சிறு துண்டுகளாக்கி, மாணவரின் இணைய வேகத்துக்கு ஏற்ற தரத்தில் அனுப்புகின்றன. சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அது கையொப்பமிட்ட இணைப்பைத் தருகிறதா என்பதுதான். குறிப்பிட்ட டொமைனில் மட்டும் ஓடும்படி கட்டுப்படுத்தும் வசதியும் பல சேவைகளில் உண்டு; அது வேறு தளத்தில் வீடியோவை ஒட்டுவதைத் தடுக்கும், ஆனால் பார்ப்பவர் யார் என்பதை அறியாது.

கையொப்பமிட்ட இணைப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
https://video.example.com/paadam-07/playlist.m3u8?expires=1767225600&token=9f2c...
```

`expires` என்பது இந்த இணைப்பு எதுவரை செல்லும் என்பதை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளில் சொல்கிறது. மாணவர் பாடப் பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் தளம் அவருடைய லாகினையும் அவர் அந்த வகுப்பில் சேர்ந்தவரா என்பதையும் பார்த்துவிட்டு, வீடியோவின் பாதை, காலாவதி நேரம், ரகசியச் சாவி ஆகிய மூன்றையும் சேர்த்து ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் பிரிக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி, `token` உருவாக்கும். அதே சாவியை வைத்திருக்கும் வீடியோ சேவை தானும் கணக்கிட்டுப் பார்க்கும். யாராவது நேரத்தை நீட்டிக்க ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கணக்கு ஒத்துப்போகாது. அந்தச் சாவி சர்வரில் மட்டுமே இருக்க வேண்டும். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் எல்லா மாணவருக்கும் சாவியைக் கொடுத்தது போலாகும்.

இதில் வழக்கமாக இரண்டு இடங்களில் சிக்கல் வருகிறது. முதலாவது, பாதுகாப்புக் கருதி இணைப்பின் ஆயுளைப் பத்து நிமிடமாக வைப்பது. வீடியோ முழுவதும் ஒரே மூச்சில் இறங்குவதில்லை. துண்டு துண்டாகப் பாடம் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். பல அமைப்புகளில் ஒவ்வொரு துண்டுக்கும் டோக்கன் சரிபார்க்கப்படுவதால், பத்தாவது நிமிடத்தில் வீடியோ நின்றுவிடும். மாணவர்கள் தங்கள் இணையம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நெட்வொர்க் பகுதியில் அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 என்ற எண் வரிசையாகத் தெரிந்தால் காரணம் இதுவே. நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்துப் படிப்பவர்களை மனத்தில் வைத்து, 45 நிமிடப் பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் கொடுங்கள்.

இரண்டாவது, வேர்ட்பிரஸில் பலரும் போட்டுவைக்கும் கேஷ் பிளக்இன். ஒரு மாணவருக்காக உருவாக்கிய பக்கத்தை அது சேமித்து அடுத்தவருக்கும் கொடுத்தால், காலையில் எல்லோருக்கும் ஓடிய வீடியோ மாலையில் ஒருவருக்கும் ஓடாது. ஏனெனில் அவர்கள் பெறுவது காலாவதியான பழைய டோக்கன். லாகின் செய்தவர்களுக்கான பக்கங்களைக் கேஷிலிருந்து முழுவதும் விலக்கிவையுங்கள்.

இனி லாகின். வகுப்புக்கெல்லாம் ஒரே கடவுச்சொல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், கட்டணம் முடியும் தேதியும் இருக்கட்டும். வேர்ட்பிரஸ் இயல்பாகவே ஒரு கணக்கை எத்தனை கருவிகளிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்க விடும் என்பதால், அதை வரையறுக்கும் பிளக்இன் ஒன்று தேவை. வேர்ட்பிரஸுக்குப் பதில் மூடுல் என்ற பாடத்தள மென்பொருளைப் பயன்படுத்தினால், அதில் இதற்கு `Limit concurrent logins` என்ற அமைப்பே உண்டு. வரம்பைத் தாண்டினால் மிகப் பழைய லாகின் வெளியேற்றப்படும். வரம்பை ஒன்று என்று வைக்காதீர்கள். கைபேசியில் தொடங்கிக் கணினியில் தொடரும் நேர்மையான மாணவர்தான் அதில் அவதிப்படுவார். இரண்டு என்பது நியாயமான எண்.

திரையைப் பதிவு செய்வதை முழுவதும் தடுக்க முடியாது. டிஆர்எம் எனப்படும் நகல் தடுப்புப் பூட்டு பல கருவிகளில் அதைத் தடுக்கும். ஆனாலும் எதிரே இன்னொரு கைபேசியைப் பிடித்து எடுப்பதை அதுவும் தடுக்காது. 60 மாணவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாக மாணவரின் பெயரும் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் மங்கலாக இடம் மாறிக்கொண்டே வீடியோவின் மேல் தெரியும்படி செய்யுங்கள். தன் பெயருடன் ஒரு பாடத்தைப் பரப்பப் பெரும்பாலோர் துணிய மாட்டார்கள். அந்த எழுத்து பக்கத்தின் மேல் அடுக்கில் இருப்பதால், முழுத்திரைக்குப் போகும்போது, குறிப்பாக ஐஃபோனின் சொந்தப் பிளேயர் திறக்கும்போது, மறைந்துவிடக்கூடும். எனவே முதலில் இரண்டு சோதனைக் கணக்குகளை உருவாக்கி, ஒன்றைக் கணினியிலும் மற்றொன்றை ஐஃபோனிலும் திறந்து, முழுத்திரையில் ஒரு பாடத்தைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.