கடைசி நாளில் டொலர் எந்த விலைக்குத் திரும்பி வரும்?

கேள்வி: குருநகரில் எங்களுக்கு ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. பக்கத்தில் குளிரறை கட்ட, வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்று 5 இலட்சம் டொலர் கடன் தருகிறது. 3 வருடம், 6 சதவீத வட்டி, முதலைக் கடைசியில் ஒரே தடவையாகக் கட்ட வேண்டும். எங்கள் வருமானம் முழுக்க ரூபாயில். வங்கியில் கறன்சி சுவாப் செய்யச் சொல்கிறார்கள். டொலரை அவர்களிடம் கொடுத்தால் 3 வருடம் கழித்து எந்த விலைக்குத் திருப்பித் தருவார்கள்? நாங்கள் ஏன் 11 சதவீத ரூபாய் வட்டி கட்ட வேண்டும்?

பதில்: முதல் நாள் எந்த விலைக்குக் கொடுத்தீர்களோ அதே விலைக்குத்தான் திரும்பி வரும். கடைசி நாளின் சந்தை விலைக்கு அங்கே வேலையே இல்லை.

நம் ஊர் ஒற்றியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காணியை 15 இலட்சத்துக்கு ஒற்றி வைத்தால், மீட்கும்போதும் அதே 15 இலட்சம்தான். இடையில் காணி 40 இலட்சத்துக்கு ஏறியிருந்தாலும் ஒற்றி பிடித்தவர் கூடக் கேட்க முடியாது. சுவாப்பில் உங்கள் டொலர்தான் அந்தக் காணி. ஒரே வித்தியாசம், ஒற்றியில் காணியின் விளைச்சல் வட்டிக்கு ஈடாகிவிடும். சுவாப்பில் அப்படி ஈடுகட்டுவதில்லை. உங்கள் டொலரை வைத்திருப்பதற்கு வங்கி உங்களுக்கு டொலர் வட்டி தரும், அதன் ரூபாயை வைத்திருப்பதற்கு நீங்கள் ரூபாய் வட்டி கொடுப்பீர்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒப்பந்த நாளில் ஒரு டொலர் 300 ரூபாய் என்று வையுங்கள். முதல் நாள் கடனாக வந்த 5 இலட்சம் டொலரை வங்கியிடம் கொடுக்கிறீர்கள், வங்கி உங்களுக்கு 15 கோடி ரூபாய் தருகிறது. குளிரறைக் கட்டட வேலை அந்தப் பணத்தில் நடக்கும்.

வட்டி அரை வருடத்துக்கு ஒரு தடவை என்றால், ஒவ்வொரு தவணையிலும் வங்கி உங்களுக்கு 15,000 டொலர் தரும். அது உங்கள் கையில் தங்காது. கடன் தந்த நிறுவனத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய வட்டியும் அதே 15,000 டொலர்தான், அப்படியே அங்கே போய்விடும். உங்கள் பையிலிருந்து உண்மையில் போவது, 15 கோடிக்கு 11 சதவீதப்படி அரை வருட வட்டியான 82 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். ஆறு தவணையும் இதே தொகைதான், டொலர் ஏறினாலும் இறங்கினாலும்.

கடைசி நாளில் ஆறாவது தவணை வட்டியோடு, முதல் நாள் நடந்தது தலைகீழாக நடக்கும். நீங்கள் 15 கோடி ரூபாயைக் கொடுக்கிறீர்கள், வங்கி 5 இலட்சம் டொலரைத் தருகிறது, அதை வைத்து வெளிநாட்டுக் கடனை அடைக்கிறீர்கள். அன்று சந்தையில் டொலர் 360 என்றால், சுவாப் இல்லாதவர் அதே டொலரை வாங்க 18 கோடி கொடுத்திருப்பார். அன்று 270 என்றால் அவருக்கு 13 கோடி 50 இலட்சம் போதும், நீங்களோ அப்போதும் 15 கோடிதான் கொடுப்பீர்கள். இந்த இரண்டாவது பக்கத்தையும் ஏற்றுக்கொள்ள மனமிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் அந்த 11 சதவீதம். ரூபாய் வட்டிக்கும் டொலர் வட்டிக்கும் நடுவே உள்ள 5 சதவீதம், 15 கோடிக்கு வருடம் 75 இலட்சம் ரூபாய். வங்கி அதை சும்மா எடுக்கவில்லை. 3 வருடம் கழித்தும் 300 ரூபாய்க்கே டொலர் தருகிறேன் என்று இன்றே வாக்குக் கொடுக்கிறதல்லவா, அதன் விலை பெரும்பாலும் இந்த வட்டி வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. அரை வருடத்துக்கு 5.5 சதவீத ரூபாய் வட்டி, 3 சதவீத டொலர் வட்டி. 1.055ஐ 1.03ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.0243 வரும். அதாவது டொலர் ஒவ்வொரு அரை வருடமும் 2.43 சதவீதம் ஏறி, 3 வருட முடிவில் 346 ரூபாய் அளவில் நின்றால், சுவாப் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் செலவு ஒன்றுதான். அந்தப் பாதைக்கு மேலே போனால் சுவாப் உங்களுக்கு இலாபம், கீழே நின்றால் செலவு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். ரூபாயில் மட்டும் உழைக்கிற ஐஸ் தொழிற்சாலை அப்படி ஒரு அடியைத் தாங்காது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சுவாப்பை எடுப்பேன். ஆனால் 11 என்பதை 10.5 ஆக்க முடியுமா என்று இன்னொரு வங்கியிடமும் விலை கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். அந்த அரை சதவீதம் வருடம் ஏழரை இலட்சம் ரூபாய்.

கணக்கு சரியாக இருந்தாலும் திகதியில் பிழை வரும். நான் வங்கியில் திறைசேரிப் பிரிவில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கடன் ஒப்பந்தத்தில் வேலை நாள் என்றால் நியூயார்க்கின் வேலை நாள் மட்டும். சுவாப் ஒப்பந்தத்தில் நியூயார்க், கொழும்பு இரண்டும். ஜனவரி 15 தவணை நாள், அந்த வருடம் தைப்பொங்கலும் அன்றே. இங்கே வங்கி பூட்டு, சுவாப் தவணை தானாக 16ஆம் திகதிக்குத் தள்ளிப் போனது. கடன் தவணை தள்ளிப் போகவில்லை. பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் எனக்கு எடுத்த தொலைபேசி அழைப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நாள் தாமத வட்டி சிறிய தொகைதான், ஆனால் கடன் தந்தவரின் பதிவேட்டில் அது தவறிய தவணை. போயா நாட்களிலும் இதே சிக்கல் வரும். அதனால் வங்கி உங்களுக்கு டொலர் தரும் திகதியைக் கடன் தவணைக்கு இரண்டு வேலை நாள் முந்தியதாக எழுதச் சொல்லுங்கள்.

கடைசி நாளில் இன்னொன்றையும் பாருங்கள். இங்கே காலை 9 மணிக்கு உங்கள் ரூபாயை எடுக்கும்போது நியூயார்க்கில் முந்திய இரவு. அங்கிருந்து டொலர் வர வேண்டுமென்றால் இங்கே பொழுதுபட்டுவிடும். இடைப்பட்ட நேரத்தில் 15 கோடி ரூபாய் கொடுத்தாயிற்று, டொலர் வரவில்லை என்ற நிலை. 1974 ஜூன் 26ஆம் திகதி ஜெர்மனியில் ஹெர்ஸ்டாட் வங்கியை மூடியபோது, மார்க் கொடுத்துவிட்டு டொலருக்குக் காத்திருந்தவர்கள் இந்த இடைவெளியில்தான் அகப்பட்டார்கள். உங்களுக்கு இதைத் தவிர்ப்பது சுலபம். சுவாப் செய்யும் அதே வங்கியில் ஒரு டொலர்க் கணக்கைத் திறந்து, ரூபாயைக் கழிப்பதும் டொலரை வரவு வைப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.

கடனை இரண்டாம் வருடமே அடைத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை வங்கியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடன் தீர்ந்தாலும் சுவாப் தீராது, அது தனி ஒப்பந்தம். அதை இடையில் முறிக்கும் நாளில் மீதித் தவணைகளை அன்றைய விலையில் கணக்குப் போடுவார்கள். டொலர் அன்று 270க்கு இறங்கி, வட்டி வீதங்கள் பெரிதாக மாறாமல் இருந்தால், முறிப்பதற்கு நீங்கள்தான் வங்கிக்குக் கோடிக் கணக்கில் கொடுக்க வேண்டி வரும். 360ஆக இருந்தால் வங்கி உங்களுக்குத் தரும். முறிக்கும் தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள், யாருடைய விலையை எடுப்பார்கள் என்ற பந்தியை ஒப்பந்தத்தில் தேடி, உங்கள் கணக்காளரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.