‘ஸெ’யா, ‘இல் எ’யா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன். ‘இது’ என்று சுட்டுகிற ‘ஸெ’ எங்கே வரும், ‘அவர்’ என்று தொடங்கும் ‘இல் எ’ எங்கே வரும் என்று பலர் கேட்டிருந்தீர்கள், வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். பிரெஞ்சு வாக்கியங்களைக் காதில் விழுகிற மாதிரி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

டீச்சர், ‘அவர் ஒரு ஆசிரியர்’ என்பதற்கு ‘இல் எத் அன் ப்ரொஃபெஸர்’ என்று எழுதினேன், சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். ஏன்?

அந்த ‘ஒரு’தான் காரணம். தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்றாலும் ‘அவர் ஒரு ஆசிரியர்’ என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரெஞ்சில் அந்த ஒரு சொல் வாக்கியத்தின் தலையையே மாற்றிவிடும். ‘இல் எ ப்ரொஃபெஸர்’ என்று ‘அன்’ இல்லாமல் சொன்னால் ப்ரொஃபெஸர் என்பது அங்கே ஆளைக் குறிக்கவில்லை, ‘உயரமானவர்’, ‘களைத்திருக்கிறார்’ என்பதைப் போல அவரைப் பற்றிய ஒரு தன்மையாக நிற்கிறது. ‘அன்’ வந்ததும் அது ஒரு ஆளைச் சுட்டும் பெயர்ச்சொல்லாகிவிடும், அதற்கு முன்னால் ‘ஸெ’ வேண்டும்: ‘ஸெத் அன் ப்ரொஃபெஸர்’.

அதனால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பின்னால் ‘ஒரு’ என்கிற அன், யூன், குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் ல, லா, ‘என்’ என்கிற மோன், மா இப்படி ஏதாவது வந்தால் ‘ஸெ’. வெறும் தொழில், மதம், நாடு, அல்லது ஒரு பண்புச்சொல் வந்தால் ஆணுக்கு ‘இல்’, பெண்ணுக்கு ‘எல்’.

மரி கியூரியின் படத்தை ஒருவர் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கி எஸ்?’, யார் இது? ‘ஸெ மரி கியூரி.’ ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, இனி அவரைப் பற்றிச் சொல்லலாம்: ‘எல் எ ஃபிஸிசியென்’, இயற்பியலாளர். இங்கே ‘சிறந்த’ என்று சேர்க்க ஆசைப்பட்டால் ‘யூன்’ வந்து ஒட்டிக்கொள்ளும், உடனே வாக்கியம் திரும்புகிறது: ‘ஸெத் யூன் க்ரான்த் ஃபிஸிசியென்’. ஒரே ஆள், மூன்று வாக்கியம், தலை இரண்டு முறை மாறிவிட்டது. ‘ஒரு’வை மட்டும் அப்படியே மொழிபெயர்க்காதீர்கள்.

‘ஸெ’ என்றால் ‘அது’ தானே? அம்மாவைப் போய் ‘அது’ என்பதா? நான் ‘எல் எ மா மேர்’ என்றுதான் சொல்கிறேன்.

இந்தத் தயக்கம் நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன், மரியாதை உணர்விலிருந்து வருவது. ஆனால் வீட்டு ஆல்பத்தைப் புரட்டும்போது நீங்களே ‘இது எங்க அம்மா, இது எங்க பெரியப்பா’ என்றுதானே சொல்வீர்கள்? அங்கே ‘இது’வில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை, விரலால் சுட்டுகிற வேலையைத்தான் அது செய்கிறது. ‘ஸெ மா மேர்’ அதே ‘இது’தான். யாரென்று அறிமுகம் செய்யும் இடத்தில் ‘எல் எ மா மேர்’ என்றால் பிரெஞ்சுக்காரர் காதுக்கு உறுத்தும்.

அக்கா, அப்போ ‘ஸெத் அன் ப்ரொஃபெஸர்’ என்று வெறுமனே சொல்வதும் தப்பா? பின்னால் பண்புச்சொல் வந்தால்தான் சரி என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

தப்பில்லை, கேள்வி எது என்பதைப் பொறுத்தது. வாசலில் நிற்பவரைக் காட்டி ‘யார் அது?’ என்றால் ‘ஸெத் அன் ப்ரொஃபெஸர்’. ‘உங்கள் அண்ணன் என்ன வேலை பார்க்கிறார்?’ என்றால் ‘இல் எ ப்ரொஃபெஸர்’. பண்புச்சொல் சேர்ந்தால் பெரும்பாலும் ‘அன்’ தேவைப்படும், அதைத்தான் உங்கள் வகுப்பில் சுருக்கிச் சொல்லியிருப்பார்கள்.

மணி பத்து என்பதற்கு?

‘இல் எ திஸர்.’ மணி சொல்ல ‘இல்’ என்றே பழகுங்கள்.

டெல்ஃப் பி1 எழுத எத்தனை மாதம் ஆகும்? கட்டணம் எவ்வளவு?

இது இங்கே பேசும் விஷயம் இல்லை. தேர்வு நடத்தும் மையத்தில் கேளுங்கள்.

நான் லா கூர்நெவ்வில் இருபது வருசமா இருக்கிறன். இங்க செய்தியில ‘இல் எ லொத்தர் த...’, அவர்தான் அதை எழுதினவர் எண்டு நெடுக வருது. பின்னால ‘ல’ இருக்குதே, நீங்கள் சொன்ன விதி பிழையெல்லோ?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அண்ணா. ஒருவரைப் பற்றி ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அவருக்கு மட்டுமே உரிய ஒரு இடத்தைச் சொல்கிறோம் என்றால், எழுத்தில் ‘இல்’, ‘எல்’ தாராளமாக வரும். கியூரியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போது, 1903இல் நோபல் பெற்ற முதல் பெண் என்பதை ‘எல் எ லா ப்ரெமியேர் ஃபாம்...’ என்று தொடங்கினால் யாரும் திருத்த மாட்டார்கள். ‘ஸெ லா ப்ரெமியேர் ஃபாம்’ என்றாலும் சரிதான். முதல் பதிலில் ‘ல, லா’வையும் ஒரே மூட்டையில் கட்டியது என் பிழை. ‘அன், யூன்’ விஷயத்தில்தான் நான் கறாராக இருக்கிறேன்.

அதிலயும் கறார் சரிவராது. என்ர மகளின்ட ரீச்சர் ஒரு பெடியனைப் பற்றி ‘இல் எ போனெலேவ்’ எண்டு எழுதினவ. பண்புச்சொல் இருக்கு, ‘அன்’ இல்ல, ‘ஸெ’யும் இல்ல. இதெல்லாம் புத்தகத்துக்கு மட்டும்தான், சனம் விரும்பினபடி கதைக்குது.

அந்த ஆசிரியை எழுதியது சரி, நீங்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியில்லை. ‘போனெலேவ்’, அதாவது நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரே சொல்லாக இறுகிப்போனது. இரண்டும் சேர்ந்து ஒரு தன்மையாகிவிட்டதால் ‘அன்’ தேவைப்படவில்லை, ‘இல்’ அதற்குப் பொருந்துகிறது. விதி அங்கேயும் வேலை செய்கிறது. இதே தைரியத்தில் ‘நீல நிறச் சட்டை போட்ட மாணவன்’ என்று ‘அன்’ இல்லாமல் சொல்லிப் பாருங்கள், வராது.

(பெங்களூரிலிருந்து இன்னொருவர்) இல்லைங்க, ‘இல் எத் அன் எக்ஸெலான்...’, அவர் ஒரு மிகச் சிறந்த இன்னார் என்று அச்சில் நானே படித்திருக்கிறேன். அதுவும் பிழையா?

நானும் படித்திருக்கிறேன். பாராட்டுச் சொல் சேர்ந்த எழுத்து நடையில் அது எட்டிப் பார்க்கிறது. என் மாணவர் எழுதினால் அடிக்கோடு போடுவேன், பத்திரிகையில் வந்தால் கடந்து போவேன். எங்கே கோடு போடுவது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பண்புச்சொல் எதுவும் இல்லாத ‘இல் எத் அன் ப்ரொஃபெஸர்’ மட்டும் இரு தரப்பு ஆசிரியர்கள் காதிலும் ஒரே மாதிரி இடறும்.

ரொம்ப நன்றி மேடம். ‘அவர் ஒரு டாக்டர்’ என்பதற்கு ‘இல் எத் அன் மெத்சேன்’ சரிதானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

பொருள்களுக்கு? கடல் பெண்பால், ஆனால் ‘லா மேர், ஸெ போ’ என்று ஆண்பாலில் சொல்கிறார்களே.

ஒரு பொருளைக் கையில் எடுத்துச் சொல்வதும், அந்த வகையைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதும் வேறு. கடல் என்றாலே அழகு என்கிறபோது ‘லா மேர், ஸெ போ’. அந்த ‘ஸெ’ கடல் என்ற எண்ணத்தையே சுட்டுகிறது, எண்ணத்துக்குப் பால் இல்லை, அதனால் பண்புச்சொல் ஆண்பாலிலேயே நிற்கும். இன்று காலை கடற்கரையில் நின்று கண்முன் இருக்கிற கடலைச் சொன்னால் ‘எல் எ பெல்’.

சாப்பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘லே க்ரெப், ஸெ போன்’ என்றால் நம்ம தோசை மாதிரியான க்ரெப் எனக்குப் பிடிக்கும் என்ற மாதிரி, பன்மையைக்கூட ‘ஸெ’ கண்டுகொள்ளவில்லை பாருங்கள். தட்டில் வைத்த க்ரெப்பைத் தின்றுவிட்டு ‘எல் ஸோன் பொன்’ என்றால் சுட்டவருக்குப் பாராட்டு. விருந்துக்குப் போன இடத்தில் முதலாவதை மட்டும் சொன்னால் அவர் சுட்டதைப் பற்றி எதுவும் சொல்லாத மாதிரி ஆகிவிடலாம்.

இவர்கள் என் பெற்றோர் என்பதற்கு ‘ஸெ மே பரான்’ என்கிறார் என் தோழி, புத்தகத்தில் ‘ஸ ஸோன் மே பரான்’ என்றிருக்கிறது.

பேச்சில் முதலாவது சாதாரணம். தேர்வில் இரண்டாவதை எழுதுங்கள்.

அக்கா, ‘அவர் ஒரு தமிழர்’ என்று எழுதுவது எப்படி? ‘இல் எத் அன் தமூல்’?

மறுபடி அதே ‘ஒரு’. ‘இல் எ தமூல்’ அல்லது ‘ஸெத் அன் தமூல்’. உங்கள் கேள்வியில் புதிதாக ஒன்று இருப்பதால் சொல்கிறேன்: எழுதும்போது இரண்டாவதில் தமூல் பெரிய எழுத்தில் தொடங்கும், ஏனென்றால் அங்கே அது ஆள். முதலாவதில் தன்மை, அதனால் சிறிய எழுத்து போதும். காதில் ஒரே மாதிரி கேட்பதால் சொல்லெழுத்துப் பயிற்சியில் இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். இப்படி இனத்தையோ நாட்டையோ சொல்லும் பெயருக்கு முன்னால் ‘ஸெத் அன்’ கேட்டதுமே பெரிய எழுத்துக்குப் பேனாவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.