கடன்சொல் அல்ல, உருபும் விகுதியும்: நான்கு தலைமுறை பேசும் ஒரு வீட்டிலிருந்து

கேள்வி: வெளிநாட்டில் பிறந்து வளரும் பிள்ளைகளின் தமிழ் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகிறது? ஆங்கிலச் சொற்கள் கலப்பதுதான் காரணமா, அல்லது இலக்கணமும் உச்சரிப்பும்கூட மாறுகின்றனவா?

யாழ்ப்பாணத்தில் பிறந்து 1989ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்தவள் நான். என் தாயார் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார். மகள் இங்கேயே பிறந்தாள். அவளுடைய மகளுக்கு இப்போது ஆறு வயது. ஸ்காபரோவில் பல ஆண்டுகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்ததனால், என் வீட்டில் காதில் விழுவதை மற்ற வீட்டுப் பிள்ளைகளின் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வாய்த்தது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழைக் கொண்டுவந்த ஒரு குடும்பத்தின் கதை. மதுரையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ போனவர்களின் தமிழ் சில இடங்களில் வேறு வழியில் மாறியிருக்கும்.

பெற்றோர் முதலில் கவலைப்படுவது ஆங்கிலச் சொற்களைப் பற்றித்தான். எனக்கு அந்தக் கவலை குறைவு. என் தாயார் கதிரை, அலுமாரி, யன்னல், பாண், சப்பாத்து, குசினி என்று சொல்லும்போது அவையெல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. கந்தோர் என்பது ஒல்லாந்தர் கொடுத்துவிட்டுப் போனது. அந்தச் சொற்கள் தமிழுக்குள் நுழைந்தபோது தமிழின் உருபுகளை ஏற்றுக்கொண்டன: கதிரையிலை இருந்தா, அலுமாரிக்குள்ளை வைச்சா, யன்னலைச் சாத்தினா. என் மகள் ‘பாலை ஃபிரிட்ஜுக்குள்ளை வை’ என்று சொல்வதும் அதே முறைதான். சொல் ஆங்கிலம், வாக்கியம் முழுத் தமிழ். என் பேத்தி ‘பால் ஃபிரிட்ஜ்’ என்று சொன்ன நாளில்தான் எனக்குத் திடுக்கென்றது. மாறியது சொல் அல்ல. ‘க்குள்ளை’ என்ற உருபு விழுந்துவிட்டது.

உருபு விழுவதைக் கவனிப்பதற்கு இரண்டாம் வேற்றுமையை விட நல்ல இடம் இல்லை. அஃறிணைப் பொருளோடு ‘ஐ’ இல்லாமல் பேசுவது தமிழில் இயல்பு. ‘தண்ணி குடிச்சன்’, ‘புத்தகம் வாங்கினன்’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது அதை விடவே முடியாது; ‘அம்மாவைப் பாத்தன்’ என்றுதான் சொல்லவேண்டும். என் மகள் சில வேளைகளில் அஃறிணையிலும் தேவைக்கு மேல் ‘ஐ’ சேர்ப்பாள், ஆனால் மனிதர்களிடத்தில் ஒருபோதும் தவறவிட்டதில்லை. பேத்தியோ ‘நான் அம்மம்மா பாத்தேன்’ என்றாள். யார் யாரைப் பார்த்தார்கள் என்பதை ஆங்கிலம் சொற்களின் வரிசையைக் கொண்டு காட்டுகிறது. அந்த வரிசை போதும் என்று குழந்தையின் மனம் முடிவு செய்துவிட்டால் உருபு வேண்டாத சுமையாகிவிடுகிறது.

இதே வேர் நான்காம் வேற்றுமையையும் அரிக்கிறது. பசி, தெரிதல், பிடித்தல், விளங்குதல், வேண்டுதல் ஆகிய எல்லாவற்றிலும் தமிழ் ‘எனக்கு’ என்று தொடங்கும். உணர்வு நமக்கு நேர்வது, நாம் செய்வது அல்ல. என் மகள் ‘எனக்குப் பசிக்குது’, ‘எனக்குத் தெரியாது’ என்பவற்றைச் சிறு வயதிலேயே முழுத்தொடர்களாகக் கற்றுக்கொண்டதால் அவற்றில் பிழை விடுவதில்லை. குறைவாகக் கேட்ட தொடர்களில் மட்டும் ‘நான் அது விளங்கேல்லை’ என்று வழுக்குவாள். பேத்தி இன்னும் ஒரு படி தாண்டி ‘நான் அம்மா வேணும்’ என்கிறாள். தாயைத் தேடி அழும் குழந்தை சொன்னதால் பொருள் விளங்கியது. இல்லாவிட்டால், ‘நான்தான் அம்மாவுக்கு வேணும்’ என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

வினைமுற்றில் நடப்பதை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மாற்றத்தின் காரணம் அங்கேதான் நன்றாகத் தெரிகிறது. என் தாயாரின் பேச்சில் தம்பி வாறான், தங்கச்சி வாறாள், அம்மா வாறா, அப்பா வாறார், அவை வருகினம், பஸ் வருகுது என்று ஆறு முடிவுகள் உண்டு. ‘வாறாள்’ என்பதற்கும் ‘வாறா’ என்பதற்கும் இடையில் உள்ள அந்தச் சிறிய ளகர ஒற்றுத்தான் வயதையும் மதிப்பையும் காட்டுகிறது. என் மகள் பெண்கள் எல்லோருக்கும் ‘வாறா’ என்றும், ஆண்கள் எல்லோருக்கும் ‘வாறார்’ என்றும் சொல்கிறாள். ‘வருகினம்’ அவளுக்கு விளங்கும், வாயில் வராது. பேத்திக்கு எல்லாமே ‘வருது’. ‘அம்மப்பா வருது’ என்று அவள் சொன்னபோது என் தாயார் முகம் சுளித்தார். ஆனால் அதற்கு விதை போட்டவர்கள் நாங்களே. சிறு குழந்தையைப் பற்றி ‘அது நித்திரை கொள்ளுது’, ‘அது சாப்பிடுது’ என்று செல்லமாகப் பேசுவது எங்கள் வழக்கம். நாள் முழுவதும் தமிழ் கேட்கும் குழந்தை மற்ற முடிவுகளையும் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கேட்கும் குழந்தைக்கு, தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட முடிவே எல்லோருக்கும் உரிய முடிவாகிவிடுகிறது.

கடன்சொல் இலக்கணத்தைத் தொடுவதும் இந்த இடத்தில்தான். தமிழ் வினைகள் இறந்தகாலத்தை ஒரே மாதிரி எடுப்பதில்லை: ஓடு ஓடினான் ஆகிறது, போடு போட்டான் ஆகிறது, விழு விழுந்தான் ஆகிறது, சொல் சொன்னான் ஆகிறது. ‘பண்ணு’ என்ற ஒரே வினையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் எந்த ஆங்கில வினையையும் நிறுத்தினால் இவை எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை; ‘பண்ணினான்’ என்பது போதும். என் மகளின் தலைமுறை ‘ட்ரை பண்ணினன்’, ‘சேவ் பண்ணினன்’ என்று பேசியபோது தமிழ் வாக்கியம் சிதையவில்லை. ஆனால் அவர்களைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ‘முயற்சித்தன்’, ‘சேமிச்சன்’ போன்ற வடிவங்கள் காதில் விழுவதே இல்லை. பிறகு தமிழ் வினை ஒன்று தேவைப்படும்போது, அவர்கள் தெரிந்த ஒரே வாய்பாட்டை அதன்மேல் போடுகிறார்கள்: ‘போடினேன்’, ‘சொல்லினேன்’. யாழ்ப்பாணத்துக் குழந்தையும் பேசத் தொடங்கும் வயதில் இப்படிச் சொல்லும். சுற்றிலும் கேட்பது அதனை விரைவில் திருத்திவிடும். இங்கே அந்தச் சுற்றம் இல்லாததால் குழந்தைப் பருவ வடிவமே நிலைத்துவிடுகிறது.

சுட்டுச் சொற்களில் ஓர் இழப்பு எனக்கு மிகவும் வலித்தது. தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்கிறது. பெரும்பாலான தமிழர் பேச்சில் நடுவிலுள்ள உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதை என் தாயார் ‘உந்தக் கோப்பையை எடுங்கோ’ என்பார். என் மகள் அதைப் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுப்பாள், ஆனால் தானே பேசும்போது ‘அந்தக் கோப்பை’ என்பாள். பேத்தி ‘உந்த’ என்று கேட்டால் திகைத்து நிற்கிறாள். ஆங்கிலத்தில் சுட்டு இரண்டே என்பது ஒரு காரணம். சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் பயன்படுத்திய பாடநூலிலும் ‘இந்த’, ‘அந்த’ மட்டுமே இருந்தது மற்றக் காரணம். நானும் அதையே கற்பித்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் நடுவிலுள்ள ‘நீர்’ மறைந்ததும் இதே போலத்தான்.

உச்சரிப்புக்கு வந்தால், எல்லோரும் ழகரத்தைத்தான் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பழம் பெரும்பாலும் ‘பளம்’ என்றே ஒலித்ததால், அந்த இழப்பைக் கனடாவின் தலையில் போட முடியாது. புதிதாக நடப்பது, ளகரமும் லகரத்தில் கலந்து பள்ளியும் பல்லியும் ஒன்றாவது. அதைவிட நுட்பமான ஒன்று டகரத்தில் நடக்கிறது. யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்பதில் வரும் றகர இரட்டையை நாவின் நுனி மேற்பல் ஈறுகளில் படும்படி ஒலிப்பார்கள். ஆங்கிலத்தின் ட் ஒலியும் ஏறக்குறைய அங்கேயே பிறக்கிறது. இந்த ஊரின் பெயரை நாங்கள் டகரத்தால் எழுதாமல் ரொறன்ரோ என்று எழுதுவது அதனால்தான். இப்போது பேத்தியின் வாயில் டகரத்துக்கு வளையவேண்டிய நா பின்னால் வளைவதே இல்லை. ‘பாட்டு’ என்று அவள் சொல்வது என் தாயாரின் காதில் ‘பாற்று’ என்று விழுகிறது. ‘காட்டு’ என்பதும் ‘காற்று’ என்பதும் அவளுக்கு ஒரே சொல்.

இன்னொன்றைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் ‘பால்’, ‘காகம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். ஊரில் வளர்ந்தவர் சொன்னால் கையில் காற்று அநேகமாகப் படாது. ஆங்கிலம் முதன்மையான பிள்ளை சொன்னால் ஒரு சிறிய ஊதல் படும். அது பொருளை மாற்றாததால் நான் திருத்துவதில்லை. ஒற்றைமெய்யும் இரட்டைமெய்யும் ஒன்றாகிப் ‘பட்டம்’ ‘படம்’ ஆகும்போது மட்டும் நிறுத்தித் திரும்பச் சொல்ல வைப்பேன்.

இவற்றில் எது திரும்பி வரும் என்று கேட்டால், என் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். சென்ற கோடையில் மகள் வேலை மாறியதால் பேத்தி பகல் முழுவதும் என் தாயாரோடு இருந்தாள். தொண்ணூறு வயதை நெருங்கும் அவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஆகவே பிள்ளைக்கு வேறு வழி இருக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒலி எதுவும் மாறவில்லை, பாட்டு இன்னமும் ‘பாற்று’த்தான். ‘உந்த’ என்று சொன்னால் இப்போது சரியான கோப்பையை எடுக்கிறாள், தானாகச் சொல்வதில்லை. ஆனால் ஒகஸ்ட் முடிவில் ஒருநாள் நான் கடையால் வந்து கதவைத் திறந்தபோது, அவள் ஓடி வந்து, ‘பூட்டியைக் கூப்பிட்டன், பூட்டி நித்திரை கொள்ளுறா’ என்றாள். ‘ஐ’யும் இருந்தது, ‘றா’வும் இருந்தது.