முதல் முற்றுப்புள்ளி எங்கே விழுகிறது?

அன்புள்ள ஐயா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படிக்கிறேன். தமிழில் செய்தி எழுதிப் பழகுகிறேன். ஆசிரியர் ஒரு கற்பனை அறிக்கையைக் கொடுத்து முதல் வாக்கியம் எழுதச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அதிகாலை 3.10 மணிக்குத் தீ பற்றித் தகவல் வந்தது என்று அதில் இருந்தது. அறிக்கை புதன்கிழமை வந்ததாக வைத்துக்கொண்டு, மறுநாள் நாளிதழுக்காக நான் எழுதியது இது:

"சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை நேற்று வெளியிட்ட அறிக்கையின்படி, ஈசூனில் உள்ள வீவக புளோக் ஒன்றின் ஏழாவது மாடி வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த தனிநபர் நடமாட்டச் சாதனத்தின் மின்கலத்திலிருந்து மூண்டதாக முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ள தீயிலிருந்து மீட்கப்பட்ட 70 வயது மூதாட்டி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிரிழந்தார்."

முக்கியமான தகவல் முதலில் வர வேண்டும் என்கிறார்கள். தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது, எப்படி முடியும்? முதல் வாக்கியத்தில் எத்தனை சொற்கள் இருக்கலாம்? இந்த முறை தந்திக் காலத்தில் பிறந்தது என்பது உண்மையா?

அன்புடன்,
ஒரு மாணவர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

சொல் கணக்கு கேட்காதீர்கள். எண்ணிக் கொடுத்தால் அந்த எண்ணை எட்டும்வரை நிரப்பத்தான் தோன்றும்.

உங்கள் வாக்கியத்தைப் பார்த்ததும் எனக்கு நான் வேலை பார்த்த செய்தி அறையில் இருந்த ஒரு மெய்ப்புத் திருத்துநர் நினைவுக்கு வந்தார். எங்களுக்கெல்லாம் அண்ணன். கையில் எப்போதும் சிவப்புப் பேனா. செய்தித்தாளை மேலிருந்து படிக்க மாட்டார். முதல் முற்றுப்புள்ளியைத் தேடிப் பேனாவை அங்கே வைப்பார். அதற்கு முன்னால் இருக்கும் வினைமுற்றுக்கு அடிக்கோடு போடுவார். பிறகு பின்னோக்கி நகர்ந்து, அந்த வினையைச் செய்தவர் யார் என்று பார்த்து வட்டமிடுவார். கடைசியாக, தொடக்கத்திலிருந்து அந்த வினைமுற்று வரைக்கும் வழியில் நிற்கும் மற்ற வினைகளுக்கெல்லாம் ஒவ்வொரு புள்ளி. புள்ளி இரண்டைத் தாண்டினால் தாள் நம் மேசைக்கே திரும்பி வரும், ஒரு வார்த்தை பேசாமல்.

உங்கள் வாக்கியத்துக்கு அதைச் செய்து பார்த்தேன். அடிக்கோடு: உயிரிழந்தார். வட்டம்: மூதாட்டி. புள்ளிகள்: வெளியிட்ட, உள்ள, செய்யப்பட்டுக்கொண்டிருந்த, மூண்டதாக, தெரியவந்துள்ள, மீட்கப்பட்ட, கொண்டுசெல்லப்படும். ஏழு! அந்த அம்மாள் இறந்துபோனது தெரிவதற்குள் வாசகர் ஓர் அறிக்கை, ஒரு மின்கலம், ஒரு விசாரணை எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

ஆனால் என்னைக் கோபப்படுத்தியது அது இல்லை. தீ எப்போது மூண்டது? உங்கள் வாக்கியத்தில் தேடுங்கள். "நேற்று" இருக்கிறதே என்பீர்கள். அந்த நேற்று "வெளியிட்ட" என்பதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று நடந்தது அறிக்கை. தீ எந்த நாளில் என்று நீங்கள் சொல்லவே இல்லை. வியாழக்கிழமை தாளில் இதைப் படிப்பவர் தீயும் புதன்கிழமைதான் என்று எடுத்துக்கொள்வார். தப்பு அவருடையது இல்லை. தமிழில் காலச்சொல் தனக்கு அடுத்து வரும் வினையைப் பிடித்துக்கொள்ளும். பெயரெச்சங்களை அடுக்க அடுக்க, அது தவறான வினையிடம் போய்ச் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. இந்தப் பிழையை நான் எத்தனையோ தாள்களில் பார்த்துவிட்டேன், எழுதியவருக்கு மட்டும் அது தெரிவதே இல்லை. மனத்தில் செவ்வாய்க்கிழமை இருக்கிறதல்லவா, தாளிலும் இருப்பதாகவே நினைத்துவிடுகிறார்.

இது எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தமிழ்ச் செய்தியாளர் கைக்கு வரும் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அறிக்கை எழுதும் அமைப்பு தன்னை முன்னால் வைத்துத்தான் எழுதும்: எங்களுக்குத் தகவல் வந்தது, நாங்கள் போனோம், நாங்கள் அணைத்தோம். அவர்கள் வேலை அது. அந்த வரிசையை அப்படியே தமிழில் இறக்கினால் செத்தவர் கடைசியில் வருகிறார், படை முதலில் வந்துவிடுகிறது.

சரி, திருத்துவோம்.

"ஈசூன் வீவக வீடொன்றில் செவ்வாய்க்கிழமை அதிகாலை தீ மூண்டதில் 70 வயது மூதாட்டி உயிரிழந்தார்."

யார், என்ன, எப்போது, எங்கே, நான்கும் இருக்கின்றன. வினை கடைசியில்தான் வருகிறது, அதனால் ஒன்றும் கெடவில்லை. வாக்கியம் சீக்கிரம் முடிந்துவிடுவதால் கடைசியும் முதலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. "உயிரிழந்தது 70 வயது மூதாட்டி" என்று வினையை இழுத்து முன்னால் போடும் வித்தையெல்லாம் வேண்டாம், விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது. காலச்சொல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்: "மூண்டதில்" என்பதற்கு நெருக்கத்தில். அவர் மறுநாள் இறந்திருந்தால் "செவ்வாய்க்கிழமை மூண்ட தீயில் காயமடைந்த மூதாட்டி புதன்கிழமை உயிரிழந்தார்" என்று ஒவ்வொரு வினைக்கும் அதனதன் நாளைக் கொடுக்க வேண்டும்.

3.10 மணியை நான் விட்டுவிட்டேன். அது படைக்குத் தகவல் வந்த நேரம், தீ மூண்ட நேரம் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் "அதிகாலை 3.10 மணிக்குத் தகவல் கிடைத்ததாகக் குடிமைத் தற்காப்புப் படை கூறியது" என்று வரலாம், புளோக் எண்ணும் ஏழாவது மாடியும் அங்கேயே சேரட்டும். "தீ விபத்து" என்று எழுதாதீர்கள். விபத்துதானா என்பது விசாரணை முடிந்த பிறகுதான் தெரியும். மின்கலம் மூன்றாவது வாக்கியத்துக்குப் போகட்டும், "முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது" என்ற காப்போடு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் கதை வேறு: அப்போது மின்கலம்தான் செய்தி, அது முதல் வாக்கியத்துக்கு ஏறும்.

இடத்தைப் பற்றி ஒரு சின்னக் குறை. சிலர் தொடக்கத்தில் "சிங்கப்பூர்:" என்று போட்டுவிட்டு "அடுக்குமாடி வீடொன்றில்" என்று போய்விடுகிறார்கள். உள்ளூர் வாசகருக்கு அதில் என்ன இடம் இருக்கிறது? கோப்பிக்கடையில் தாளை விரிக்கும் பெரியவர் முதலில் தேடுவது ஈசூனா, தெம்பனிஸா என்பதைத்தான். மகள் வீடு அங்கே இருக்கலாம். நீங்கள் ஈசூன் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு மட்டும் ஒரு சபாஷ்.

எப்போதுமே தகவல் தந்தவரைப் பின்னால் தள்ளலாமா என்றால், கூடாது. ஒருவர் இறந்தார் என்பது உறுதியான செய்தி, அதற்கு முன்னால் யாரையும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஒருவர் பணத்தை ஏமாற்றினார் என்பது நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை குற்றச்சாட்டுதான். அங்கே முதல் முற்றுப்புள்ளிக்கு முன்பே "ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டது" என்று வந்தாக வேண்டும். "ஏமாற்றினார்" என்று முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்தில் சமாளிக்க முடியாது.

தந்தியில் பிறந்ததா என்பதை வரலாற்றாசிரியர்களே அடித்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் பாருங்கள். 1865 ஏப்ரல் 14 இரவு, லிங்கன் சுடப்பட்டபோது, அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் லாரன்ஸ் கோப்ரைட் வாஷிங்டனிலிருந்து அனுப்பிய முதல் செய்தி: அதிபர் இன்றிரவு ஒரு நாடக அரங்கில் சுடப்பட்டார், பிழைப்பது சந்தேகம். சுட்டவன் பெயர் இல்லை, அரங்கின் பெயர்கூட இல்லை. தமிழில் நான் எழுதியிருக்கும் அந்த வரியில் அண்ணனின் பேனாவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது, போட்டுப் பாருங்கள்.